‘பேசணும்’ என்று ஒரு வரி வந்தால்…

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 45 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. கணினித் திரையில் பாறைகள் தெரியும். பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா, இல்லையா என்று ஒவ்வொரு முறையும் ஊகித்துச் சொல்ல வேண்டும். பாம்பு இருந்துவிட்டால் கையில் சுருக்கென்று மின்னதிர்ச்சி பாயும். ஆபத்தில்லாததுதான், ஆனால் வலிக்கும். எந்தப் பாறையின் கீழே பாம்பு அடிக்கடி வருகிறது என்பது ஆட ஆடப் பிடிபடும். பிடிபட்டுவிட்டது என்று நினைக்கும்போது கணக்கு மாறிவிடும். ஆடுபவரின் கண்மணி எவ்வளவு விரிகிறது, தோல் எவ்வளவு வியர்க்கிறது என்று ஆய்வாளர்கள் அளந்துகொண்டே இருந்தார்கள்.

2016-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. அதிர்ச்சி கட்டாயம் வரும் என்று தெரிந்தபோது பதற்றம் உச்சத்தில் இல்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதியாக இருந்த நேரத்தில்தான் உடம்பு அதிகமாகத் தவித்தது. அடி விழும் என்று தெரிந்துவிட்டால் மனிதர் எப்படியோ தயாராகிவிடுகிறார். விழுமா என்றே தெரியாதபோது தயாராகவும் முடிவதில்லை, விட்டுவிடவும் முடிவதில்லை.

கைப்பேசியில் ‘உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்’ என்று ஒரே ஒரு வரி வந்து நிற்கும்போது நடப்பதும் இதுதான். அனுப்பியவர் யார் என்று தெரிகிறது. நேரம் தெரிகிறது. விஷயம் மட்டும் இல்லை. கணவனோ மனைவியோ, மேலதிகாரியோ, வெளியூரில் படிக்கும் மகளோ, யார் அனுப்பினாலும் படித்தவுடன் வயிற்றில் ஒரு பிசைவு உண்டாகிறது. அதை மனத்தின் பலவீனம் என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்களுக்கும் வியர்வை தானாகத்தான் சுரந்தது. ஆனால் அந்தப் பிசைவோடு அடுத்த இரண்டு நிமிடத்தில் விரல் என்ன தட்டுகிறது என்பது நம் கையில் இருக்கிறது. பல வீடுகளில், பல அலுவலகங்களில் பிரச்சினை தொடங்குவது வந்த செய்தியில் இல்லை. அதற்குப் போகும் பதிலில்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம். சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கும் பெண். அவருடைய தம்பி அம்மாவோடு கரூரில் இருக்கிறார். போன வருடம் வீட்டு மாடியில் ஒழுகல் வந்தபோது அக்கா தம்பியிடம் எண்பதாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார். திருப்பித் தரவில்லை. தம்பியும் கேட்டதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11.20-க்குச் செய்தி வருகிறது: ‘அக்கா, உன்கிட்ட கொஞ்சம் பேசணும்.’

அக்காவின் மனத்தில் முதலில் வந்து நிற்பது அந்த எண்பதாயிரம்தான். யோசிக்காமல் தட்டுகிறார்: ‘பணத்தைப் பத்தியாடா? அடுத்த மாசம் சீட்டு எடுக்கிறேன், எடுத்ததும் தந்துடுறேன்.’

தம்பி பேச நினைத்தது வேறு. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. அறுவை சிகிச்சை செய்துவிடலாம், செய்த அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் அதன்பின் சில வாரங்களுக்கு நேரம் தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. குனிந்து கனமான எதையும் தூக்கக்கூடாது. தம்பியும் அவர் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். ‘பொண்ணு வந்து பத்து நாள் இருந்தாத்தான் ஆபரேஷன் பண்ணிக்குவேன்’ என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். அக்காவிடம் லீவு போடச் சொல்ல வேண்டும், அதை எப்படிக் கேட்பது என்று தயங்கித்தான் அந்த ஒற்றை வரியை அனுப்பினார்.

அக்காவின் பதிலைப் படித்ததும் தம்பிக்குச் சுருக்கென்று தைக்கிறது. ‘நான் எப்பக்கா பணம் கேட்டேன்?’ என்கிறார். ‘கேக்கலதான், ஆனா மனசுல இருக்கும்ல’ என்கிறார் அக்கா. எழுதிய பிறகு சங்கடமாக இருக்கவே அதை அழிக்கிறார். அழித்த தடயம் திரையில் நிற்கிறது. என்ன எழுதி அழித்தாள் என்று இப்போது தம்பி ஊகிக்கத் தொடங்குகிறார். மதியத்துக்குள் இருவருமே மனம் கசந்துபோகிறார்கள். அம்மாவின் கண்ணைப் பற்றிய பேச்சு அன்று நடக்கவே இல்லை.

இது எழுதுவதற்காகக் கட்டிய உதாரணம்தான். ஆனாலும் இதில் நடப்பதை ஒவ்வொன்றாகக் கவனிப்பது பயன் தரும். அக்கா ஊகித்தது தம்பியின் மனத்தை அல்ல. தன் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்ததை. தெரியாத இடத்தை நிரப்ப மனம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதைத்தான் எடுக்கும். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது பெரும்பாலும் குற்றவுணர்வு, அல்லது பழைய பயம். அதனால் ஊகத்தைப் பதிலாக எழுதும்போது மற்றவருக்கு நம்மைப் பற்றி ஒரு வாக்குமூலம் போய்ச் சேருகிறது. அவர் நினைத்தே பாராத ஒரு விஷயம் மேஜைக்கு வந்துவிடுகிறது. வந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. ஊகம் தவறாக இருந்தால் ‘இவள் என்னைப் பற்றி இப்படித்தான் நினைக்கிறாளா’ என்ற வருத்தம் மிஞ்சும். சரியாக இருந்தாலும் நன்மை இல்லை. எதிரே உட்கார்ந்து பேச நினைத்த ஒன்று குறுஞ்செய்தியில் நறுக்குத் தெறித்தாற்போல் தொடங்கிவிடுகிறது.

குறுஞ்செய்தியில் தொடங்குவது ஏன் மோசம் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு விடை சொல்கிறது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோரும் அவர்களது சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு அது. அப்போது மின்னஞ்சல்தான் பெரிய விஷயம். சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் எழுதி அனுப்பச் சொன்னார்கள். எது கிண்டல், எது நிஜம் என்பதைப் படிப்பவர் நூற்றுக்கு 78 முறை சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் கண்டுபிடித்தது 56 முறைதான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது 73 முறை சரியாகப் பிடிபட்டது. எழுதுகிறவருக்குத் தன் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. படிப்பவருக்கு அது போய்ச் சேருவதில்லை என்பது தோன்றுவதே இல்லை.

தம்பி ‘பேசணும்’ என்று எழுதியபோது அவர் மனத்தில் ஒலித்தது தயக்கமும் பாசமும் கலந்த குரல். அக்காவின் காதில் விழுந்தது கடன்காரரின் குரல். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த வரியின் முடிவில் ஒரு முற்றுப்புள்ளி இருந்தால் அதுவும் சேர்ந்து பயமுறுத்தும். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 2015-இல் செய்த ஆய்வில், ஒரே பதிலைப் புள்ளியோடு படித்தவர்கள் அதில் மனப்பூர்வம் குறைவு என்று மதிப்பிட்டார்கள். கையால் எழுதிய துண்டுச் சீட்டில் அதே புள்ளி எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை. செய்தியில் வரும் புள்ளியை வைத்து ஒருவர் கோபத்தை அளப்பது எவ்வளவு ஆதாரமில்லாத வேலை என்பது இதிலிருந்து தெரியும்.

அப்படியானால் அக்கா என்ன எழுதியிருக்கலாம்?

‘சரிடா, பேசலாம். இப்ப ஆபீஸ்ல இருக்கேன். ஒரு மணிக்கு சாப்பிடப் போவேன், அப்ப கூப்பிடவா? அவசரம்னா இப்பவே சொல்லு, வெளியில வந்து பேசுறேன்.’

இவ்வளவு போதும். இதில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, உன் செய்தி வந்தது, பேசச் சம்மதம் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. இரண்டாவது, ஒரு நேரம் குறிக்கப்படுகிறது. ‘அப்புறம் பேசலாம்’ என்பது நேரம் ஆகாது. அது இருவரையும் அந்தரத்தில் தொங்கவிடும். ஒரு மணி என்று சொல்லிவிட்டால் காத்திருப்புக்கு ஓர் எல்லை வருகிறது. மூன்றாவது, அவசரமா என்று கேட்டாயிற்று. விஷயம் என்ன என்று கேட்கவில்லை. எவ்வளவு நேரம் தாங்கும் என்று மட்டும் கேட்டிருக்கிறார். அதற்குத் தம்பியால் எளிதாகப் பதில் சொல்ல முடியும்: ‘அவசரமெல்லாம் இல்லக்கா, ஒரு மணிக்கே பேசலாம்.’ அந்த ஒரு வரியிலேயே அக்காவின் பதற்றம் பாதி இறங்கிவிடும்.

மூன்றாவது கேள்வியை யாரும் விட்டுவிடக்கூடாது. காரணம் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் அனுபவத்திலேயே இருக்கிறது. தந்திச் சேவை இந்தியாவில் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய தலைமுறைகளில் ‘அம்மா சீரியஸ், உடனே புறப்படு’ என்று தந்தி வந்தால் படித்தவர் பாதி விஷயத்தை ஊகித்துக்கொண்டுதான் பெட்டியைக் கட்டினார். இறந்துவிட்டார் என்று நேராக எழுத மனம் வராதவர்கள் சீரியஸ் என்று எழுதினார்கள். இன்றும் ‘அப்பாவுக்கு முடியல, கிளம்பி வா’ என்று போனில் சொல்லும் உறவினர், வழியில் தெரிந்துகொள்ளட்டும் என்று மீதியை விட்டுவிடுகிறார்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. மனிதர்கள் பேசிக்கொள்ளும் முறையை ஆராய்வதையே தனித் துறையாக வளர்த்தவர்களில் ஒருவர் அமெரிக்கச் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லாஃப். கெட்ட செய்தியை ஊகிப்பது பற்றி 1988-இல் ஒரு கட்டுரை எழுதினார். செய்தி கொண்டுவருபவர் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்புக் கொடுத்து, கேட்பவர் வாயாலேயே அதைச் சொல்லவைத்துவிடுவது உண்டு என்று காட்டினார். சொல்லும் பாரம் கேட்பவர் தலையில் ஏறிவிடுகிறது. ஆக, ‘பேசணும்’ என்றதும் மனம் கெட்டதை ஊகிக்க ஓடுவதற்குப் பழக்கம் ஒரு காரணம். ஊகிக்கும்படி நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். அவசரமா என்று நேராகக் கேட்பது அந்தப் பழக்கத்தைத் தாண்டிப் போக ஒரு கண்ணியமான வழி. உண்மையிலேயே ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு அனுப்பிய செய்தி என்றால், அதுவும் உடனே தெரிந்துவிடும்.

அமைதியான பதில் போலத் தோன்றி அப்படி இல்லாதவையும் சில இருக்கின்றன. ‘என்ன?’ என்ற ஒற்றைச் சொல் அவற்றில் ஒன்று. எழுதியவருக்கு அது சாதாரணக் கேள்வி, படிப்பவருக்கு எரிச்சல். ‘நான் என்ன பண்ணேன்?’ என்பது வழக்குத் தொடங்கும் முன்பே எதிர்வாதம். ‘எதுவா இருந்தாலும் இங்கேயே சொல்லு’ என்பது கட்டளை. பேச வேண்டும் என்று கேட்டவரை எழுதச் சொல்லித் தள்ளுகிறது. இவற்றையெல்லாம்விட நயமாக வந்து கெடுப்பது ‘எல்லாம் நல்லாத்தானே இருக்கு?’ என்ற கேள்வி. பாசமாகக் கேட்பது போலத்தான் இருக்கும். ஆனால் அனுப்பியவர் மாட்டிக்கொள்கிறார். நல்லாத்தான் இருக்கு என்றால் அது பொய்யாகலாம், பிறகு ஒரு மணிக்கு அந்தப் பொய்யிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். இல்லை என்றால் இங்கேயே முழுவதையும் சொல்ல வேண்டியதாகிவிடும். கேட்டவர் தன் பயத்தைத் தணித்துக்கொள்ள எதிராளியிடம் வாங்கப் பார்க்கும் ஆறுதல் அது. ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்வது மேல்.

வெறும் ‘ஓகே’ அல்லது கட்டைவிரல் படமும் உதவாது. ஏற்றுக்கொண்டாரா, கோபித்துக்கொண்டாரா என்று அனுப்பியவர் ஊகிக்க ஆரம்பிப்பார். ஊகம் இரு பக்கமும் நடக்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பேச வேண்டும் என்று செய்தி அனுப்பியவரும் பதற்றத்தில்தான் இருப்பார். வாட்ஸ்அப்பில் 2014 நவம்பரில் நீல டிக் வந்ததிலிருந்து, படித்துவிட்டார் என்பது அவருக்குத் தெரிகிறது. படித்துவிட்டுப் பேசாமல் இருப்பதையே ஒரு பதிலாக அவர் எடுத்துக்கொள்வார். டைப் செய்வதாகக் காட்டும் அறிவிப்பு மூன்று நிமிடம் தோன்றித் தோன்றி மறைந்து, கடைசியில் ‘சரி’ என்று மட்டும் வந்தால் இன்னும் மோசம். ஆகவே யோசித்து எழுத வேண்டும் என்றால் அந்த உரையாடலுக்கு வெளியே, கைப்பேசியின் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்துவிட்டு வந்து ஒட்டுவது நல்லது. கையில் வேலை இருக்கிறதா? திறக்காமல் விடலாம், அறிவிப்பிலேயே வரி முழுதும் தெரிந்துவிடும். திறந்துவிட்டால் பத்து நிமிடத்துக்குள் நேரம் குறித்து ஒரு வரி போய்விட வேண்டும்.

பதில் போய்விட்டது. மணி 11.30. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. உண்மையான சிரமம் இங்கேதான்.

இந்த இடைவெளியில் அதிகமாக நடக்கும் தவறு, மூன்றாவது ஆளிடம் விசாரிப்பது. ‘தம்பி பேசணும்னு மெசேஜ் போட்டிருக்கான், உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?’ என்று அக்கா அம்மாவுக்குப் போன் போடலாம். அம்மாவுக்குத் தெரியாது. அவர் மருமகளிடம் கேட்பார். மருமகள் கணவரிடம் ‘அக்காகிட்ட என்ன பேசப் போறீங்க?’ என்பார். இன்னொரு கிளையாகச் சித்திக்கும் செய்தி போயிருக்கும். ஒரு மணிக்கு அக்காவும் தம்பியும் பேசத் தொடங்கும்போது குடும்பமே அந்த உரையாடலுக்குள் உட்கார்ந்திருக்கும். தம்பிக்குத் தனியாகப் பேச வேண்டும் என்ற ஆசை இருந்தது, அதனால்தான் தனியாகச் செய்தி அனுப்பினார். அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக ஒரு சிறிய வேலை இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறையை 1980-இல் தன் நூலின் மூலம் பொதுவாசகரிடம் கொண்டுசேர்த்தவர் டேவிட் பர்ன்ஸ். அவசரப்பட்டு முடிவுக்குத் தாவும் மனத்தின் வழக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, மற்றவர் மனத்தில் இருப்பதைத் தெரிந்துவிட்டதாக நினைப்பது. மற்றொன்று, நடக்கப்போவது தெரிந்துவிட்டதாக நினைப்பது. ‘பேசணும்’ என்ற செய்தி இரண்டையும் சேர்த்தே கிளப்பும். அதைத் தணிக்க, தெரிந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதலாம். ‘11.20. தம்பி. பேசணும் என்கிறான். ஒரு மணிக்குப் பேசுகிறோம். அவசரம் இல்லை என்கிறான்.’ இதற்குமேல் எழுத எதுவும் வராது. ‘பணத்தைக் கேட்பான்’ என்று கை எழுதப்போனால், அது செய்தியில் எங்கே இருக்கிறது என்று தன்னையே கேட்க வேண்டும். எங்கும் இல்லை. எழுதிப் பார்த்தால் பயம் மறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் வந்தது எது, தானாகச் சேர்த்தது எது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அலுவலகத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. மேலதிகாரி ‘அஞ்சு மணிக்கு கேபினுக்கு வாங்க, பேசணும்’ என்று அனுப்பினால் விஷயத்தைக் கேட்பது தவறில்லை. தயாராகி வருவது வேலையின் ஒரு பகுதி. ‘வரேன் சார். எந்த வேலை சம்பந்தமான்னு தெரிஞ்சா ஃபைலோட வரேன்’ என்று ஒருமுறை கேட்கலாம். இதில் கேள்வி இருக்கிறது, ஊகம் இல்லை. ‘போன வார ரிப்போர்ட்ல தப்பு வந்ததைப் பத்தியா சார்?’ என்பதில் ஊகம் இருக்கிறது. அவருக்கு அந்தத் தப்பு தெரிந்திருக்காமல்கூட இருக்கலாம். ‘நேர்ல சொல்றேன்’ என்று அவர் சொல்லிவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டும். வீட்டில் ‘எதைப் பத்தி?’ என்று கேட்பது அவ்வளவு நல்லதல்ல. எழுதிச் சொல்ல முடிந்திருந்தால் அவர் முதலிலேயே எழுதியிருப்பார்.

ஒரு மணிக்குத் தொலைபேசி எடுத்ததும் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: ‘சொல்லுடா.’ சொல்லிவிட்டு, தம்பி முதல் இரண்டு மூன்று வாக்கியங்களை முடிக்கும்வரை குறுக்கே போகாமல் இருக்க வேண்டும். தயங்கித் தயங்கித்தான் வருவார். அந்தத் தயக்கத்தை ஊகத்தால் நிரப்பக் கூடாது. உரையாடலின் தொடக்கம் எவ்வளவு முக்கியம் என்பதை ஜான் கோட்மனும் சிபில் காரேரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. புதிதாக மணமான 124 தம்பதிகள் ஒரு கருத்து வேறுபாட்டைப் பற்றிப் பேசுவதைப் பதிவுசெய்து, பிறகு ஆறு ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்தார்கள். பின்னாளில் பிரிந்தவர்களின் பேச்சும் சேர்ந்து வாழ்ந்தவர்களின் பேச்சும் முதல் மூன்று நிமிடங்களிலேயே வேறுபட்டிருந்தன. அவர்கள் ஆராய்ந்தது கணவன் மனைவியைத்தான், அக்கா தம்பியை அல்ல. ஆனாலும் பணச் சண்டையோடு தொடங்கிய பேச்சில் அம்மாவின் கண்ணுக்கு இடம் கிடைக்காமல் போனதை மேலே பார்த்தோம்.

இந்த முறை பொருந்தாத இடங்களும் உண்டு. அவற்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

சில நாட்களாகவே மனம் உடைந்து, யாரோடும் ஒட்டாமல் இருக்கும் ஒருவரிடமிருந்து நடுராத்திரியில் ‘பேசணும்’ என்று வந்தால் நேரம் குறித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே அழைக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் அருகில் இருப்பவரை அனுப்ப வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. இங்கே பதில் என்பது குரல்தான், எழுத்து அல்ல.

இரண்டாவது, மோசடி. மேலதிகாரியின் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு புது எண்ணிலிருந்து ‘ஃப்ரீயா? கொஞ்சம் பேசணும்’ என்று தொடங்கி, மூன்றாவது செய்தியில் பணம் கேட்கும் வேலை பரவலாக நடக்கிறது. பயத்தில் பதில் சொல்லும் பழக்கத்தைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பதில் போடாமல், தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அந்த மேலதிகாரியை அழைத்துக் கேட்டுவிட்டால் விஷயம் முடிந்தது. பணம் போய்விட்டிருந்தால் 1930-க்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

மூன்றாவது வகை இன்னும் கசப்பானது. சிலர் ‘வீட்டுக்கு வா, பேசணும்’ என்பதையே மிரட்டலாக வைத்திருக்கிறார்கள். அனுப்பிவிட்டு நாள் முழுக்கப் பதில் சொல்ல மாட்டார்கள். மற்றவர் பயந்துகொண்டே வர வேண்டும் என்பதே நோக்கம். முன்பு கை நீட்டியவரிடமிருந்து வரும் அந்த வரிக்கு அமைதியான பதில் என்று எதையும் சிபாரிசு செய்ய முடியாது. அந்தப் பேச்சு எங்கே நடக்கும், உடன் யார் இருப்பார்கள் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. பெண்களுக்கான 181 உதவி எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம்.

மீதியுள்ள செய்திகளுக்கு, அதாவது அன்றாடம் வருபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, சம்மதம், நேரம், அவசரமா என்ற கேள்வி ஆகிய மூன்றும் போதும். இதையே அடிக்கடி ஒருவர் செய்கிறார் என்றால், பேச்சு முடிந்த பிறகு, நிதானமான ஒரு நேரத்தில் ‘அடுத்த தடவை எதைப் பத்தின்னு ரெண்டு வார்த்தை சேர்த்துப் போடுடா, நான் பயந்துட்டேன்’ என்று கேட்டுக்கொள்ளலாம். அப்போதைய பதிலில் அதைச் சொன்னால் குறையாகத்தான் கேட்கும்.

அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘அக்கா, அம்மா கண் ஆபரேஷன் பத்திப் பேசணும். அவசரம் இல்ல. ஒரு மணிக்குக் கூப்பிடவா?’ என்று எழுத முதல் வரியைவிடச் சில வார்த்தைகள்தான் அதிகம் தேவை. விஷயம் எழுத முடியாத அளவுக்குக் கனமானது என்றால் அதை விட்டுவிடுங்கள். ‘பயப்பட ஒண்ணும் இல்ல’ என்று பொய்யாகவும் எழுத வேண்டாம். எப்போது பேசப்போகிறீர்கள் என்பதையாவது தயவுசெய்து சேர்த்து அனுப்புங்கள். அதுகூட முடியாத அளவுக்கு அவசரம் என்றால் செய்தியே அனுப்பாதீர்கள், அழைத்துவிடுங்கள்.